ஒகேனக்கல் பாறை முன்னால் மணப்பெண் முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு: எப்படி எடுப்பது?

பாலக்கோட்டான்

வணக்கம். பாலக்கோட்டில் ஒரு டிசைன் கடையில் இருக்கிறேன், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வரவேற்பு பேனர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மாப்பிள்ளை, பெண் இரண்டு பேரையும் பெயிண்டிங் மாதிரி மாற்றி, ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்திருப்பது போல் வைக்க வேண்டும். பின்னால் கருத்த பாறை, ஒரு ஓரத்தில் அருவி. அளவு 10க்கு 8 அடி.

மாப்பிள்ளை பிரச்சினை இல்லை, முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார். பெண்ணின் படம்தான் உயிரை எடுக்கிறது. வீட்டு வெள்ளைச் சுவர் முன் நிற்க வைத்து செல்போனில் எடுத்தது. சுருட்டை முடி. காதோரமும் நெற்றியோரமும் பிசிறு பிசிறாகப் பறக்கிறது. பின்னலில் மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டிய சரம், தோள் வழியாக முன்னால் விழுகிறது.

போட்டோஷாப்பில் `Select and Mask` போய் முடியோரம் பிரஷ் தேய்த்தேன். கீழே வெள்ளை லேயர் வைத்துப் பார்த்தால் அருமையாக இருக்கிறது. பாறை மேல் வைத்ததும் தலையைச் சுற்றி சாமி படத்து ஒளிவட்டம் போல ஒரு வெள்ளைக் கோடு. அதன் மேல் `Oil Paint` ஓட்டினால் கோடு இன்னும் தடித்து, நூல் நூலாகச் சுருண்டு நிற்கிறது. மல்லிகையில் பாதியைக் காணோம்.

முதலில் வெட்டிவிட்டு பெயிண்ட் எஃபெக்ட் போடுவதா, போட்டுவிட்டு வெட்டுவதா? வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போயாக வேண்டும்.

காரிமங்கலத்துக்காரன்

இனிமேல் காதணி விழா பேனர் மட்டும் எடு தம்பி. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி உட்கார வைத்திருப்பார்கள். பென் டூலில் ஒரு சுற்று சுற்றினால் வேலை முடிந்தது.

நீலச்சேனல்

இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. சேனல் பேனலுக்குப் போங்கள். மூன்றையும் தட்டிப் பாருங்கள், நீலச் சேனலில்தான் பெண் நன்றாகக் கருத்து, சுவர் வெளுத்துத் தெரியும். அதை நகல் எடுங்கள். `Levels`-ல் இரண்டு பக்கமும் இழுத்து முடியைக் கறுப்பாகவும் சுவரை வெள்ளையாகவும் ஆக்குங்கள். முகம், புடவை எல்லாம் கறுப்பு பிரஷால் நிரப்பிவிடுங்கள். அப்புறம் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சேனலைக் கிளிக் செய்து, செலக்‌ஷனைத் திருப்பிப் போட்டு, மாஸ்க் ஆக்கினால் ஒரு முடி விடாமல் வந்துவிடும். நான் இப்படித்தான் செய்கிறேன், வெள்ளைக் கோடு வந்ததே இல்லை.

பாலக்கோட்டான்

அண்ணா, இப்போதுதான் செய்து பார்த்தேன். கனகாம்பரம் முழுசாக வந்துவிட்டது, அதுவே ஆச்சரியம். முடியும் பரவாயில்லை. ஆனால் மல்லிகை சுவரோடு சேர்ந்து போய்விட்டது. வெள்ளைக் கோடு முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, போகவில்லை.

ஊத்தங்கரை அச்சு

நான் பிரிண்ட் போடுகிற ஆள். உங்கள் கடை மாதிரி இருபது கடையிலிருந்து எங்களுக்கு ஃபைல் வரும், அதனால் சொல்கிறேன். 10க்கு 8 அடி பேனரை 72 டிபிஐ-யில் கொடுத்தால் அகலம் 8640 பிக்சல். ஒரு பிக்சல் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மண்டப வாசலில் இருபது அடி தள்ளி நிற்பவருக்கு ஒற்றை முடி எங்கே தெரியப் போகிறது? ஒவ்வொரு முடியாகப் பிடிக்கிறேன் என்று ராத்திரி கண் விழிக்காதீர்கள்.

ஆனால் அந்த வெள்ளைக் கோடு தெரியும். 8 பிக்சல் தடிமன் இருந்தால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர், அதுவும் தலையைச் சுற்றி முழுவட்டமாக. கறுப்புப் பாறை மேல் அது ரோட்டிலிருந்தே தெரியும்.

இன்னொரு குறுக்கு வழி: பெண்ணின் தலையை அருவிக்கு நேராக நகர்த்திவிடுங்கள். வெள்ளைத் தண்ணீர் மேல் வெள்ளைக் கோடு யாருக்குத் தெரியும்?

ரோட்டோ காவேரிப்பட்டணம்

அச்சுக்காரர் சொன்ன கடைசி வரியைச் சிரித்துவிட்டு விடாதீர்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. சென்னையில் சினிமா கிராபிக்ஸில் ஒன்பது வருடம் உருவம் வெட்டும் வேலைதான் பார்த்தேன். இப்போது ஊரோடு வந்து வீட்டிலிருந்து செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், தம்பி பொறுமையாகப் படிக்கவும்.

உங்கள் மாஸ்க் தப்பில்லை. அநேகமாக நன்றாகவே வெட்டியிருப்பீர்கள். தப்பு நிறத்தில் இருக்கிறது. முடியோரத்தில் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில் முடி 40, சுவர் 240 என்று வைப்போம். முடி மெல்லியது, அந்தப் பிக்சலில் பாதியைத்தான் அடைக்கிறது. மீதிப் பாதி சுவர். கேமரா இரண்டையும் கலந்து 140 என்று ஒரு சாம்பல் நிறமாகப் பதிவு செய்கிறது. நீங்கள் மாஸ்க்கில் அந்த இடத்துக்கு 50 சதவீதம் கொடுக்கிறீர்கள், அதுவும் சரிதான். இப்போது அதை 50 அளவு கறுப்பான பாறை மேல் வைத்தால் 140-ல் பாதியும் 50-ல் பாதியும் சேர்ந்து 95 வருகிறது. உண்மையில் அங்கே வர வேண்டியது முடியின் 40-ல் பாதியும் பாறையின் 50-ல் பாதியும், அதாவது 45. இரண்டு மடங்குக்கு மேல் வெளுப்பு. அதுதான் உங்கள் ஒளிவட்டம். சுவரை வெட்டி எறிந்துவிட்டோம் என்று நினைக்கிறோம், அது முடிக்குள்ளேயே கலந்து ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது.

அதனால் மாஸ்க்கை எவ்வளவு தீட்டினாலும் இது போகாது. நீலச் சேனல் நண்பருடைய வழியில் கோடு மெலிந்ததற்குக் காரணம், `Levels` இழுத்தபோது பாதிப் பிக்சல்கள் எல்லாம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளப்பட்டதுதான். நிறம் மாறவில்லை. அவருக்குக் கோடே வந்ததில்லை என்றால், அவர் வெளுத்த பின்னணியிலிருந்து வெட்டி வெளுத்த பின்னணியில்தான் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கனகாம்பரம் வந்து மல்லிகை வராததும் அதே சேனல் கணக்குத்தான். ஆரஞ்சு நிறத்தில் நீலம் மிகக் குறைவு, அதனால் நீலச் சேனலில் கனகாம்பரம் முடிக்குச் சமமாகக் கறுத்துவிடும். மல்லிகை எந்தச் சேனலில் பார்த்தாலும் வெள்ளை.

உங்கள் படம் நிஜப் போட்டோவாகவே வைக்கப்படுவதாக இருந்தால் `Decontaminate Colors` டிக் செய்து, ஓரத்து நிறத்தை உள்முடியின் நிறத்தால் மாற்றச் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் பெயிண்டிங் ஆக்கப் போகிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பிசிறு முடி உங்களுக்கு வேண்டவே வேண்டாம். முகமெல்லாம் தடித்த வண்ணத் தீற்றலாக இருக்க, காதோரம் மட்டும் போட்டோ முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தால், பொம்மைக்கு நிஜ முடி ஒட்டியது போல் இருக்கும். முடியின் கெட்டியான பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். சுவர் ஊடே தெரிய ஆரம்பிக்கும் இடத்துக்கு உள்ளேயே நிறுத்துங்கள். பறக்கிற முடியைப் பாறை மேல் வைத்த பிறகு கையால் வரைந்துகொள்ளலாம். எப்படி என்று ராத்திரி எழுதுகிறேன், இப்போது ஒரு டெலிவரி இருக்கிறது.

நீலச்சேனல்

அக்கா சொல்வது சரிதான் போலிருக்கிறது. நான் செய்வது முழுக்க முழுக்க பாஸ்போர்ட் சைஸும் கல்லூரி விழா சான்றிதழும்தான். எல்லாமே வெளிர் பின்னணி. கறுப்பில் வைத்துப் பார்த்ததே இல்லை.

ஸ்மட்ஜ் மாஸ்டர் அரூர்

முடியை வெட்டி எறி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பன்னிரண்டு வருடமாக ஸ்மட்ஜ் பெயிண்டிங் கையால் செய்கிறேன், ஃபில்டர் எல்லாம் தொடுவதில்லை. நான் முதலில் பெயிண்ட் செய்துவிட்டுத்தான் வெட்டுவேன். போட்டோவில் முடியோரம் எங்கே முடிகிறது என்று தெரியாது. பெயிண்ட் செய்த பிறகு நானே இழுத்த கோடுதான் ஓரம், அது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும். வெட்டுவது சுலபம்.

முதலில் வெட்டிவிட்டு ஸ்மட்ஜ் ஓட்டினால் என்ன ஆகிறது என்று செய்தவர்களுக்குத் தெரியும். வெறுமையான இடத்திலிருந்து பிரஷ் உள்ளே வந்தால் அந்த வெறுமையையும் சேர்த்து இழுத்து உருவத்தை அரித்துவிடும். ஓரமெல்லாம் கரையான் தின்ற ஓலை மாதிரி ஆகும்.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

மாஸ்டர், கையால் செய்பவர்களுக்கு அது சரி. நீங்கள் எப்போதும் உள்ளேயிருந்து வெளியே இழுப்பீர்கள், முடியின் நிறம்தான் சுவர் மேல் போகும். தம்பி ஓட்டுவது `Oil Paint` ஃபில்டர். அதற்கு முடி எது, சுவர் எது என்று தெரியாது. ஓரத்தோடு ஓரமாக இரண்டையும் சேர்த்துச் சுழற்றும். அவர் சொன்ன நூல் நூலான வெள்ளை அதுதான்.

சரி, தம்பிக்கு வழி. மூன்று வேலை.

முதலில் வெட்டு. முகம், கை, புடவை எல்லாம் பென் டூல், கெட்டியான ஓரம், ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளே. முடியில் மட்டும் கற்றை கற்றையாகப் பாருங்கள். நெற்றிக்கு மேல் ஒரு வளைவு, காதுக்கு முன்னால் தொங்கும் ஒரு சுருள், பிடரியில் ஒரு புடைப்பு. பெண்ணை யாரென்று அடையாளம் காட்டுவது இந்த வடிவங்கள்தான். அவற்றை விடாமல் பிடித்துவிட்டு, அவற்றைத் தாண்டிப் பறப்பதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஃபில்டருக்கு முன் ஒரு தயாரிப்பு. இதைச் செய்யாமல் விடுவதால்தான் பாதிப் பேருக்குக் கோடு வருகிறது. வெட்டிய லேயரை நகல் எடுத்து அதற்குக் கீழே போடுங்கள். கீழே உள்ளதன் மேல் `Gaussian Blur` 10 பிக்சல் கொடுங்கள். முடியின் நிறம் ஓரத்தைத் தாண்டி வெளியே கசியும், ஆனால் புகை மாதிரி மெலிதாக இருக்கும். அந்த மங்கிய லேயரை ஐந்தாறு முறை நகல் எடுத்து அடுக்கினால் புகை கெட்டியாகிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். இப்போது உங்கள் பெண்ணைச் சுற்றிச் சுவருக்குப் பதிலாக அவளுடைய முடி நிறமும் புடவை நிறமுமே ஒரு விரல் அகலத்துக்கு வழிந்து நிற்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இதன் மேல் `Oil Paint` ஓட்டுங்கள். ஓரத்தில் அது எதைச் சுழற்றினாலும் முடியோடு முடிதான் கலக்கும், இழுக்க வெள்ளை அங்கே இருக்காது. அதன் பிறகு மாஸ்க்கைத் திரும்பப் போடுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். உள்ளே எல்லாம் வண்ணத் தீற்றலாக இருக்கும், மாஸ்க் மட்டும் போட்டோவின் நுணுக்கத்தோடு கத்தியால் வெட்டியது போல் இருக்கும். அதனால் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு `Median` 4 அல்லது 5 கொடுங்கள். சின்னச் சின்ன நெளிவெல்லாம் போய், பிரஷால் இழுத்தது போல் ஓரம் வழுவழுப்பாகும்.

மூன்றாவது, முடி வரைவது. அதற்கு முன் மேலே சொன்னதை முடித்துவிட்டு வாருங்கள்.

மண்டி மாம்பழம்

எனக்கும் இதே பிரச்சினைதான். கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருக்கிறோம், பெட்டி மேல் ஒட்டும் லேபிளுக்கு மல்கோவா படம் வெட்ட வேண்டும். காம்போடு இலையும் இருக்கிறது. மேலே சொன்ன முடி முறை இலைக்கும் சரிவருமா? பச்சைப் பின்னணியில் வைக்கப் போகிறேன்.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

மாம்பழத்துக்கு முடி இல்லையே ஐயா. பென் டூல் போதும், ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளே வெட்டுங்கள். இலையோரமும் கெட்டிதான்.

ஓசூர் மாணவி

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லாதவர்களுக்கு: ஜிம்ப்பில் `Color to Alpha` இருக்கிறது. அக்கா சொன்ன 140, 240 கணக்கை அது தானாகவே திருப்பிப் போடும். சுவரின் நிறத்தைக் காட்டினால், ஒவ்வொரு பிக்சலிலும் அந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கிறதோ அதைக் கழற்றிவிட்டு, மீதியை ஊடுதெரியும் பிக்சலாக வைக்கும். என் தங்கையின் படத்தை இப்படி வெட்டிக் கறுப்பில் வைத்தேன், கோடே இல்லை. ஒற்றை முடிகள்கூட இருந்தன.

ஆனால் முழுப் படத்துக்கும் ஓட்டினேன், பல்லும் கண்ணின் வெள்ளையும் ஓட்டையாகிவிட்டன. பேய் மாதிரி இருந்தது.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

நல்ல வழி. முடியோரத்தை மட்டும் ஒரு பட்டையாகத் தேர்ந்தெடுத்து அதற்குள் ஓட்டினால் பல் தப்பிக்கும். இன்னொன்று, தூய வெள்ளையைக் காட்டக் கூடாது. சுவரில், முடிக்குப் பக்கத்திலேயே கிளிக் செய்து நிறத்தை எடுக்க வேண்டும். ஜன்னல் ஒரு பக்கம் இருந்தால் இடது ஓரச் சுவரும் வலது ஓரச் சுவரும் ஒரே நிறமாக இருக்காது. இரண்டு பட்டையாகப் பிரித்து ஓட்டினால் சுத்தமாக வரும்.

முடியை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பும் போட்டோ வேலைக்கு இது. பெயிண்டிங்குக்கு என்றால் நான் இன்னும் முடியை எறியத்தான் சொல்வேன்.

ஸ்மட்ஜ் மாஸ்டர் அரூர்

எறிய வேண்டாம். அந்த மாணவி சொன்ன மாதிரி முடி தனி லேயராக வந்தால், அதன் மேலேயே இழுத்துப் பெயிண்ட் செய்யலாம். முடி எந்தத் திசையில் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தானே கை போகும்? புதிதாக வரைகிறவன் தன் இஷ்டத்துக்கு வளைப்பான். சுருட்டை முடி அலை முடியாகிவிடும். அப்புறம் பெண் வீட்டார் இது எங்கள் பெண்ணே இல்லை என்பார்கள்.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

அது நியாயமான பேச்சு மாஸ்டர். வழிகாட்டியாக மூல போட்டோவை மேலே 30 சதவீதத்தில் வைத்துக்கொண்டு வரைந்து, பிறகு அணைத்துவிடச் சொல்லலாம். ஆனால் முடிவான படத்தில் அந்த லேயர் இருக்கக் கூடாது என்பதில் நான் மாற மாட்டேன்.

தருமபுரி பழைய ஸ்டுடியோ

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. கண்ணீர் அஞ்சலி பேனர். பெரியவர் நல்ல வெள்ளை முடி, தாடியும் வெள்ளை. படம் கறுப்பு மரக் கதவு முன்னால் எடுத்தது. மேகமும் வெளிர் நீல வானமும் வைத்தால் தாடியைச் சுற்றி அழுக்குப் பிடித்தது போல் தெரிகிறது. இறந்தவர் படத்தில் அப்படி வைக்க மனசு வரவில்லை.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

அதே கலப்புதான் சார், இம்முறை கதவின் கறுப்பு தாடிக்குள் வந்திருக்கிறது. தாடிப் பகுதியை மட்டும் தனி லேயராக எடுத்து, கலக்கும் முறையை `Screen` என்று மாற்றிக் கீழே வையுங்கள், மேலே கெட்டியாக வெட்டிய முகம் இருக்கட்டும். `Screen`-ல் கறுப்பு மறைந்துவிடும், வெள்ளை முடி நிற்கும். கதவு முழுக் கறுப்பாக இல்லாவிட்டால் `Levels`-ல் அதை அழுத்திக் கறுப்பாக்கிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வெளுப்பு தெரியும். வானம் மிகவும் வெளிறியிருந்தால் முடியே தெரியாது, தலைக்குப் பின்னால் மட்டும் நீலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பாலக்கோட்டான்

அக்கா, கோடு போச்சு! மங்க வைத்து அடுக்கும் வேலையை முதல் தடவை தப்பாகச் செய்தேன். மாஸ்க்கோடு சேர்த்து நகல் எடுத்ததால் எதுவும் வெளியே கசியவில்லை. மாஸ்க்கை லேயரில் சேர்த்துவிட்டு மங்க வைத்ததும் வந்தது. பாறை மேல் வைத்தால் ஓரம் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் இப்போது தலை ஹெல்மெட் போட்டது போல் இருக்கிறது. மல்லிகையும் இன்னும் பாக்கி.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

ஹெல்மெட் மாதிரி இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இனிதான் முடி.

மேலே ஒரு காலி லேயர். கெட்டியான வட்டப் பிரஷ், பேனா டேப்லெட் இருந்தால் அழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறும்படி வையுங்கள். மௌஸ் மட்டும் என்றாலும் பிரஷை அப்படியே வைத்து, பென் டூலில் கோடு போட்டு, `Stroke Path`-ல் `Simulate Pressure` டிக் செய்தால் இரண்டு முனையும் மெலிந்து வரும். நிறத்தை ஆல்ட் பிடித்துக்கொண்டு முடிக்குள்ளிருந்தே எடுங்கள். வெறும் கறுப்பைப் போட்டால் பெயிண்டிங்கில் கம்பி மாதிரி நிற்கும். கோடு முடிக்குள்ளே ஒரு அங்குலம் தள்ளித் தொடங்கி வெளியே போக வேண்டும். ஓரத்திலேயே தொடங்கினால் ஒட்டவைத்தது தெரியும். உங்கள் 8640 அகலத்தில் முடியின் அடியில் 10 பிக்சல், நுனியில் 3 பிக்சல் போதும். அதற்கு மெலிந்தால் அச்சுக்காரர் சொன்னபடி வரைந்தும் வீண்.

மொத்தம் பதினைந்து இருபது முடி. அதற்கு மேல் வேண்டாம். சம இடைவெளியில் போடாதீர்கள், முள்ளம்பன்றி ஆகிவிடும். காதோரம் நான்கைந்து நெருக்கமாக, உச்சியில் இரண்டு, பிடரியில் ஒரு சுருள், மற்ற இடம் வெறுமையாக இருக்கட்டும். சுருட்டை என்பதால் ஒவ்வொன்றும் ஒரு முறையாவது திரும்பி வர வேண்டும்.

மல்லிகைக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு `Levels` லேயர் போட்டு, இடது பக்கக் கறுப்பு முனையை 200 வரை இழுங்கள். படம் முழுக்கக் கறுத்துவிடும், பயப்படாதீர்கள். சுவர் 240, பூ 225 என்று இருந்தால் முன்பு வித்தியாசம் 15 தான், கண்ணுக்குத் தெரியாது. இப்போது அது 70 ஆகியிருக்கும். பூவும் சுவரும் பிரிந்து நிற்கும். நீலச் சேனலை மட்டும் திறந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியலாம், மல்லிகை மொட்டின் அடியில் பச்சையும் வெளிர் மஞ்சளும் இருக்கிறதே. அந்த நிலையில் பென் டூலால் ஒவ்வொரு மொட்டாகச் சுற்றி வாருங்கள். சுற்றியதும் அந்த லேயரை அழித்துவிடுங்கள், மறந்து பிரிண்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சுவரும் பூவும் இரண்டுமே 255 என்று எரிந்து போயிருந்தால் அங்கே எந்தத் தகவலும் இல்லை, எந்த வித்தையும் பலிக்காது. அப்போது நன்றாக விழுந்த நான்கு மொட்டை நகல் எடுத்து, திருப்பித் திருப்பி வைத்து சரத்தைக் கட்ட வேண்டியதுதான்.

நீலச்சேனல்

அப்படியென்றால் நீலச் சேனல் பூவுக்காவது உதவுகிறது. இந்த மட்டும் சந்தோஷம்.

ஊத்தங்கரை அச்சு

தம்பி, படம் வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக வந்ததா? ஓரத்தில் கட்டம் கட்டமாக நிறம் கசிந்திருந்தால் அதுதான் காரணம். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்குங்கள்.

பாலக்கோட்டான்

ஆமாம் அண்ணா, போட்டோவாகத்தான் வந்தது. பெண்ணின் அண்ணனிடம் கேட்டு டாக்குமெண்டாக வாங்கினேன். முன்பு 255 என்று காட்டிய மொட்டுகள் சில இதில் 230-க்குக் கீழே இருக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு பூ நேராகவே வெட்ட வந்தது, மீதிக்கு மட்டும் நகல் போட்டேன்.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

நல்லது. அனுப்புவதற்கு முன் கீழே நான்கு வெற்று நிற லேயர் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்: கறுப்பு, வெள்ளை, நடுச் சாம்பல், பளீர் பச்சை. கறுப்பில் வெள்ளைக் கோடு தெரியும், வெள்ளையில் கறுப்புக் கோடு தெரியும், பச்சையில் உருவத்துக்குள் விழுந்த ஓட்டை தெரியும். சாம்பல்தான் பாறைக்குப் பக்கத்து நிறம். 100 சதவீதத்தில் ஒரு முறை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிறிதாக்கி ஒரு முறை.

பாலக்கோட்டான்

வியாழன் ராத்திரி 11 மணி. ஃபைல் முடிந்தது. பச்சையில் பார்த்தபோது காதுக்கும் தோடுக்கும் நடுவில் ஒரு துளி சுவர் வெட்டாமல் இருந்தது. நான்கு நாளாக அதைக் கவனிக்கவே இல்லை! எடுத்துவிட்டேன். கடைசியில் மாஸ்டர் சொன்னதையும் கேட்டேன், பிடரிச் சுருள் ஒன்றை மட்டும் மூல முடி மேலேயே இழுத்தேன். அது நான் வரைந்ததைவிட உயிரோட்டமாக இருக்கிறது, அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு இடம் இன்னும் உறுத்துகிறது. தலையின் வலது ஓரம் அருவிப் பக்கம் வருகிறது. பின்னால் அவ்வளவு வெள்ளைத் தண்ணீர் இருக்க, முடி மட்டும் அந்த இடத்தில் மையால் வெட்டியது போல் கறுப்பாக இருக்கிறது.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முடியோரத்தில் கொஞ்சம் வழிய வேண்டும். உருவத்தின் மேல் ஒரு லேயர் போட்டு அதோடு கிளிப் செய்து, தண்ணீரின் நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ் 15 சதவீதத்தில் அருவிப் பக்க ஓரத்தில் மட்டும் தடவுங்கள். பாறைப் பக்கம் தொடாதீர்கள். பாருங்கள், நான்கு நாளாகத் துரத்திய வெள்ளையை இப்போது நாமே போடுகிறோம்.

ஸ்மட்ஜ் மாஸ்டர் அரூர்

சுருளைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி. இருபது முடியையும் அப்படி இழுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ரோட்டோ காவேரிப்பட்டணம்

அது வெள்ளிக்கிழமைக்குள் முடிந்திருக்காது மாஸ்டர்.

பாலக்கோட்டான்

வெளிச்சமும் போட்டுவிட்டேன். காலையில் பெண் வீட்டாருக்கு அனுப்பினேன். ரொம்பப் பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டிருக்கிறார்கள்: கல்யாணத்தன்று பார்லரில் முடியை நேராக்கப் போகிறார்களாம், பேனரிலும் நேராக்கித் தர முடியுமா என்று.